மெதுவாகப் பேசினால் கேட்கவில்லை என்கிறார்களா?

"காக்கா, நான் கீழக்கரை. சிங்கப்பூர் வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. ஆபீசிலும் லைப்ரரியிலும் போன் பேசினால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். குரலை இறக்கினால் அந்தப் பக்கம் 'கேட்கல, கேட்கல' என்கிறார்கள். என்ன செய்ய?"

தம்பி, குரலை விடு, முதலில் மைக் எங்கே இருக்கிறது என்று பார். வயர் இயர்போனில் அது நெஞ்சுப் பக்கம் தொங்கும், வாய்க்கு 20 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொள். தூரம் பாதியானால் மைக்கில் விழும் உன் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். 5 செ.மீ.க்குக் கொண்டுவந்தால் 12 டெசிபல். அறைச் சத்தமோ அப்படியே இருக்கும். அதனால் நீ அந்த அளவுக்குக் குரலைக் குறைத்தாலும் அங்கே பழையபடிதான் கேட்கும். ஆனால் வாய்க்கு நேரே வைக்காதே, மூச்சு பட்டு 'டப் டப்' என்று இடிக்கும். உதட்டோரத்தில், சற்றுத் தள்ளிப் பிடி. காதில் செருகும் வயர்லெஸ் இயர்பட்ஸில் மைக் காதோடு நின்றுவிடும், வாய்ப்பக்கம் இழுக்க முடியாது. ஆபீசுக்குக் குச்சி மைக் வைத்த ஹெட்செட்தான் என் சிபாரிசு.

அடுத்தது, கிசுகிசுக்காதே. அதில் குரல்நாண் அதிராது, வெறும் காற்றுச் சத்தம்தான். இரைச்சலை வடிகட்டும் ஆப்கள் அதையும் இரைச்சல் என்று வெட்டிவிடலாம். தொண்டையில் விரல் வைத்துப் பார்: அதிர்வு இருந்தால் சரி, அது தாழ்ந்த குரல். அந்தக் குரலில் கொஞ்சம் நிதானமாகப் பேசு.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. மெதுவாகப் பேசும்போது வாக்கியக் கடைசியில் மூச்சு இறங்கிவிடும், நம் விஷயமோ அங்கேதான் இருக்கிறது. "பணம் அனுப்பிட்டேன்", "பணம் அனுப்பல" இரண்டிலும் வால் விழுங்கப்பட்டால் உம்மாவுக்கு 'பணம் அனுப்...' வரைக்கும்தான் கேட்கும். நீளமாக இழுக்காமல் சின்னச் சின்னதாக உடைத்துப் பேசு, கடைசிச் சொல்லுக்கு மூச்சை மிச்சம் வை.

நீ கத்துவதற்குப் பாதிக் காரணம் ஊரில் இருக்கிறது. கடற்கரையில் நின்று யாராவது பேசினால் காற்று அவர்கள் மைக்கில் அடிக்கும். அந்த இரைச்சல் உன் காதில் விழுந்ததும் உன்னை அறியாமல் உன் குரல் ஏறும். காற்றுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல், இல்லை வீட்டுக்குள் போகச் சொல். உன் இயர்போன் வால்யூமையும் குறை. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டால் உன் சத்தம் எவ்வளவு என்று உனக்கே சரியாகத் தெரியாது, ஒன்றைக் கழற்றிவிடு.

சரியாக இருக்கிறதா என்று தெரிய, போன் ரெக்கார்டரில் அதே இடத்தில் ஒரு நிமிஷம் பேசிக் கேள். வால் விழுங்குவது அதிலேயே தெரிந்துவிடும்.

இதெல்லாம் ஆபீசுக்கு. லைப்ரரியில் வாசிக்கும் இடத்தில் எவ்வளவு தாழ்வாகப் பேசினாலும் பக்கத்து மேசைக்கு வார்த்தை புரியும், புரிகிற பேச்சுதான் அவர்களைப் படிக்கவிடாது. அங்கே போனை எடுத்து "ஒரு நிமிஷம்" மட்டும் சொல், மற்றதை வெளியே போய்ப் பேசு.