கேள்வி பதில்: ஒரே அறிவிப்பு, மூன்று நாட்டு வாசகர்

கும்பகோணம் வட்டாரத்திலிருந்து இலங்கையின் யாழ்ப்பாணம், மலேசியாவின் கிள்ளான், சிங்கப்பூர் ஆகிய ஊர்களுக்குத் தமிழில் அறிவிப்பு அனுப்புகிறவர்கள் கேட்டவை.

நாச்சியார்கோவில், குத்துவிளக்குப் பட்டறை அலுவலகம்: "ஆவணி 10 சரக்கு கிளம்பும். அட்வான்ஸ் 40,000 வெள்ளிக்குள் போடவும்" என்று மூன்று ஊருக்கும் ஒரே மெசேஜ் போட்டோம். மூன்று ஊரிலிருந்தும் மூன்று விதமாகப் பதில் வருகிறது. எங்கே தப்பு?

இரண்டு வரியில் மூன்று பொறி இருக்கிறது. புரியாத சொல் வந்தால் வாசகர் திருப்பிக் கேட்பார், அதனால் பெரிய கெடுதல் இல்லை. புரிந்துவிட்டது என்று நினைக்க வைக்கிற சொல்தான் சரக்கைத் தப்பான நாளில் நிறுத்தும். உங்கள் மெசேஜில் இருப்பவை அந்த வகை.

முதலில் ஆவணி. நம் பஞ்சாங்கத்தில் ஆவணி 1 என்பது ஆகஸ்ட் 17ஐ ஒட்டி வரும், ஆகவே ஆவணி 10 என்றால் ஆகஸ்ட் 26. இலங்கைத் தமிழர் ஆங்கில மாதங்களையே தை, மாசி, பங்குனி என்று சொல்லும் வழக்கம் உள்ளவர்கள். தை என்றால் ஜனவரி, ஆடி என்றால் ஜூலை, ஆவணி என்றால் ஆகஸ்ட். கோயில் விசேஷத்துக்கு அவர்களும் பஞ்சாங்கம்தான் பார்ப்பார்கள், ஆனால் கடை, அலுவலகப் பேச்சில் ஆவணி 10 என்றால் ஆகஸ்ட் 10 என்று எடுத்துக்கொள்ள எல்லா நியாயமும் உண்டு. பதினாறு நாள் வித்தியாசம். யாழ்ப்பாணத்து வியாபாரி அதற்கேற்ப இறக்கும் ஆளை ஏற்பாடு செய்திருப்பார். கிள்ளானிலும் சிங்கப்பூரிலும் ஆவணி என்றால் நம் ஆவணிதான், ஆனால் பத்தாம் தேதி எதுவென்று காலண்டரைத் தேட வேண்டும். தேடாமல் விடுகிறவர்களும் உண்டு. நடவு, அறுவடை, ஆடிப்பெருக்கு என்று தமிழ் மாதத்திலேயே வாழ்கிற ஊர் நம்முடையது, அதனால் கை தானாக எழுதிவிடும். வெளிநாட்டுக்குப் போகிற எந்தத் தாளிலும் தமிழ் மாதம் வேண்டாம்.

அடுத்து வெள்ளி. நீங்கள் வெள்ளிக்கிழமையைச் சொன்னீர்கள். சிங்கப்பூரில் டாலருக்கு வெள்ளி என்றுதான் பெயர், மலேசியாவிலும் ரிங்கிட்டை வெள்ளி என்பவர்கள் இருக்கிறார்கள். "40,000 வெள்ளிக்குள்" என்பதை அங்கே நாற்பதாயிரம் டாலருக்கு மேல் போகாமல் என்று படிப்பார்கள். இலக்கணப்படி அதுவும் சரியான வாசிப்பு.

மூன்றாவது, நாணயம் எதுவென்று நீங்கள் எழுதவே இல்லை. ரூபாய் என்று சேர்த்திருந்தாலும் தீராது, இலங்கையிலும் ரூபாதான். INR, LKR, SGD, MYR என்று மூன்று எழுத்தைத் தொகைக்கு முன்னால் போடுங்கள். வங்கிப் படிவத்தில் எல்லா ஊரிலும் பார்த்துப் பழகிய எழுத்துகள் அவை.

திருத்தி எழுதினால் இப்படி வரும்:

"சரக்கு கும்பகோணத்திலிருந்து 2026 ஆகஸ்ட் 26, புதன்கிழமை, காலை 6:00 மணிக்குப் புறப்படும் (இந்திய, இலங்கை நேரம். மலேசியா, சிங்கப்பூர் நேரம் காலை 8:30). முன்பணம் INR 40,000. இதை 2026 ஆகஸ்ட் 21, வெள்ளிக்கிழமை, மாலை 5:00 மணிக்குள் (இந்திய நேரம்) எங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தவும்."

நீளம்தான். ஆனால் தேதியும் கிழமையும் ஒன்றையொன்று காக்கும். ஒன்று தவறாக விழுந்தால் மற்றது காட்டிக்கொடுக்கும்.

தஞ்சாவூர்: ஐயா, இதற்கு ஏன் இவ்வளவு? அட்வான்ஸ், போன் எல்லாம் எடுத்துவிட்டு நல்ல தமிழில் எழுதினால் உலகத் தமிழர் அத்தனை பேருக்கும் புரியுமே.

பாதி சரி. முன்பணம் என்றால் எல்லோருக்கும் புரியும், இலங்கையில் முற்பணம் என்பார்கள், இடறாது. ஆனால் நல்ல தமிழிலேயே மோதல் இருக்கிறது. இலங்கையில் பணிப்பாளர் என்றால் நாம் இயக்குநர் என்கிற பெரிய பதவி. நம் பக்கத்தில் அதைப் பணியாளர் என்று படித்து, அந்த நிறுவனத்தின் தலைமை ஆளுக்கு எடுபிடி வேலை சொல்லுகிற தொனியில் பதில் போட்டால் உறவே கெடும். பாவனை என்றால் அங்கே பயன்பாடு, இங்கே நடிப்பு. இவற்றில் ஒன்றுகூட ஆங்கிலம் இல்லை. அந்நியச் சொல்லை விரட்டினால் மட்டும் இந்தச் சிக்கல் தீராது.

மன்னார்குடி: யாழ்ப்பாணத்திலிருந்து "அடுத்த கிழமை அனுப்புகிறோம்" என்று வந்தது. என்ன கிழமை என்று கேட்டால் "அடுத்த கிழமைதான்" என்கிறார்கள். கிழமை என்றால் நாள்தானே? அவர்கள் தப்பாக எழுதுகிறார்கள் என்று எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டாம், தப்பில்லை. இலங்கையில் கிழமை என்றால் வாரம். திங்கட்கிழமை என்று நாளுக்கும் சொல்வார்கள், இரண்டு கிழமை என்று வாரத்துக்கும் சொல்வார்கள். அவர்களுக்கு இடத்தை வைத்தே பொருள் பிரிந்துவிடும். நமக்கு நாளின் பெயர் விட்டுப்போன மாதிரித் தெரிகிறது.

யாழ்ப்பாணம், மொத்த வியாபாரம்: ஐயா, மேலே கேட்டவருக்கு ஒன்று சொல்ல வேணும். நாங்கள் ஒருநாளும் அதைப் பிழை என்று நினைத்ததில்லை. இனி "வாரம்" என்றே எழுது என்று சொல்லப் போகிறீர்களோ? எப்பவும் எங்கட சொல்லுத்தான் விலக வேணுமோ?

உங்கள் கேள்வி நியாயமானது. பொதுத்தமிழ் என்ற பெயரில் தமிழ்நாட்டுச் சொல்லையே வைத்துவிடுகிற பழக்கம் நம் அலுவலகங்களில் நிறைய இருக்கிறது, அது சரியில்லை. கிழமை என்பதன் மூலப்பொருளே உரிமை. ஆறாம் வேற்றுமை தரும் பொருளுக்கு இலக்கணத்தில் கிழமைப் பொருள் என்றுதான் பெயர். ஞாயிறுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. அதிலிருந்து ஓர் ஊர் நாளோடு நின்றது, ஓர் ஊர் ஏழு நாளுக்கும் நீட்டியது. மூத்த பொருள் எதுவென்று பார்த்தால் இரண்டுமே இல்லை.

நான் வாரம் என்று பரிந்துரைப்பதற்கு ஒரே காரணம், அது உங்கள் செய்தித்தாளிலும் வருகிறது, இங்கேயும் வருகிறது. மோதுகிற சொல்லை விட்டு, எல்லா ஊரிலும் ஒரே பொருள் தருகிற சொல்லைப் பிடிக்கிறோம். அதே விதியின்படி நம் பக்கத்து ஆவணி விலகிப் போனதைப் பாருங்கள்.

மன்னார்குடி (மறுபடி): வாரம் என்றாலும் குத்தகை வாரம் என்று எங்கள் பக்கம் வேறு பொருள் உண்டே! நெல்லில் வாரம் கொடுப்பது?

உண்டு. ஆனால் "அடுத்த வாரம் அனுப்புகிறோம்" என்பதை யாரும் நெல் பங்காகப் படிக்க மாட்டார்கள்.

யாழ்ப்பாணம் (மறுபடி): அப்ப "அடுத்த வாரம்" என்றால் திங்களில் தொடங்குமோ, ஞாயிறில் தொடங்குமோ?

இதற்கு என்னிடம் ஒரே முடிவு இல்லை. அலுவலகத்துக்கு அலுவலகம் மாறுகிறது. தேதி எழுதுங்கள். கிழமைச் சண்டையும் அதோடு தீரும்.

மயிலாடுதுறை: யாழ்ப்பாணத்து வாடிக்கையாளர் "பின்னேரம் போன் எடுங்கோ" என்று எழுதினார். எங்கள் பையன் ராத்திரி வரை போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் கூப்பிடவே இல்லை.

அவர் உங்கள் பையனின் அழைப்புக்குக் காத்திருந்தார். இலங்கையில் போன் எடுப்பது என்றால் நாம் போட்டுப் பேசுவது. இங்கே வருகிற அழைப்பை ஏற்பது. நேர் எதிர். மலேசியாவில் போன் அடி என்பவர்களும் உண்டு. யார் யாரை அழைக்க வேண்டும் என்பது வாக்கியத்திலேயே நிற்கட்டும்: "நீங்கள் எங்களை இந்த எண்ணில் அழையுங்கள்" அல்லது "நாங்கள் உங்களை அழைப்போம்." அழை என்பதற்கு எல்லா ஊரிலும் ஒரே பொருள்.

பின்னேரம் என்பது அவர்களுக்குச் சாயங்காலம். நம்மில் சிலர் அதை "அப்புறமாக" என்று படிக்கிறார்கள். மணி எழுதுங்கள்.

பாபநாசம்: பையனுக்குச் சிங்கப்பூர் வேலைக்கு மனு எழுத வேண்டும். நீங்கள் எழுதித் தருவீர்களா?

இது அறிவிப்புத் தமிழ் பற்றிய பகுதி. மனு எந்த மொழியில் வேண்டும் என்று வேலை கொடுக்கும் இடத்தில் முதலில் கேளுங்கள்.

திருவாரூர்: டிரைவருக்கு எந்தச் சொல்?

ஓட்டுநர். இலங்கையில் சாரதி. இரண்டும் எங்கும் புரியும்.

கும்பகோணம்: பாஸ்போர்ட்டுக்கு எந்தச் சொல்?

கடவுச்சீட்டு. மலேசியாவில் கடப்பிதழ். இதுவும் மோதாத சொல், எது போட்டாலும் சரி.

திருவாரூர் (மறுபடி): லாரி, லொறி, லோரி, எது?

ஓர் அறிவிப்பில் ஒரே வடிவம். எந்த வடிவம் என்பதில் எனக்கே தீர்மானம் இல்லை. லாரி என்பது கண்ணுக்கு அந்நியமாக இருப்பதாக இலங்கை வாசகர்கள் சொல்கிறார்கள், லொறி இங்கே அப்படி. ஆனால் இதனால் எந்தச் சரக்கும் நின்றதில்லை. தயவுசெய்து "எந்தச் சொல்" கேள்விகளை அனுப்பும்முன் ஒன்று பாருங்கள்: அந்தச் சொல்லுக்கு வேறு ஊரில் வேறு பொருள் இருக்கிறதா? இல்லையென்றால் அவசரமில்லை.

பட்டுக்கோட்டை: பணம் வந்ததும் "பற்றுச்சீட்டு அனுப்பியுள்ளோம்" என்று போட்டோம். சிங்கப்பூர்க்காரர் எதை வாங்க இது என்று கேட்டார்.

இந்த மாதிரிக் கேள்விதான் வேண்டும். இலங்கையில் பற்றுச்சீட்டு என்றால் ரசீது. சிங்கப்பூரில் அரசு குடும்பங்களுக்குக் கொடுக்கிற, கடையில் கொடுத்துப் பொருள் வாங்குகிற சீட்டுக்குத் தமிழில் அதே பெயர். அவர் உங்களிடமிருந்து சலுகைச் சீட்டை எதிர்பார்த்தார். "பணம் பெற்றதற்கான ரசீது" என்று முழுதாக எழுதுங்கள். பெற்றது யார், எவ்வளவு, எந்தத் தேதி என்பது அதன் கீழே வரட்டும்.

நாகப்பட்டினம்: எங்கள் ஆட்கள் எல்லாம் சரியாகப் புரிந்தது என்கிறார்கள். அப்புறமும் தப்பு வருகிறது. எப்படிச் சோதிப்பது?

"புரிந்ததா?" என்று கேட்கக் கூடாது. யாரும் "இல்லை" என்று சொல்ல மாட்டார்கள், தப்பாகப் புரிந்தவருக்கும் புரிந்தமாதிரிதான் இருக்கும். அறிவிப்பை அனுப்பும்முன் ஒவ்வொரு நாட்டிலும் ஒருவருக்கு அனுப்பி நாலு கேள்விக்கு அவர் சொல்லிலேயே பதில் வாங்குங்கள்: என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார் செய்ய வேண்டும், எவ்வளவு எந்த நாணயத்தில். நாச்சியார்கோவில் மெசேஜுக்கு இதைச் செய்திருந்தால் யாழ்ப்பாணத்திலிருந்து "ஆகஸ்ட் 10" என்று வந்திருக்கும், சிங்கப்பூரிலிருந்து "டாலர்" என்று வந்திருக்கும்.

இந்தச் சோதனை பிடிக்காத ஒன்றும் உண்டு. சோதிப்பவர் பல வருஷமாக உங்களோடு வியாபாரம் செய்கிறவரானால் உங்கள் சொல்லைப் பழகியிருப்பார். புதிதாகச் சேர்ந்த கடை ஆளிடம் கொடுங்கள்.

நாகப்பட்டினம் (மறுபடி): அப்போது மூட்டை என்று எழுதலாமா?

இலங்கையில் மூடை என்பார்கள், சொல் புரியும். எடைதான் புரியாது. நம் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை 40 கிலோ, வெளி வியாபாரத்தில் 60ஐ ஒட்டி. "50 மூட்டை, ஒவ்வொன்றும் 40 கிலோ, மொத்தம் 2,000 கிலோ" என்று எழுதுங்கள்.