ஹெட்போனில் இருந்த குரல் மோனோவில் எங்கே போனது?

நூலகக் கூட்டத்தில் ஒருவர் பேசியதை ரெக்கார்டரில் பதிவு செய்தேன். ஹெட்போனில் நன்றாகக் கேட்கிறது. மோனோவாக்கியதும் பேச்சே இல்லை, லேசான உறுமல் மட்டும் இருக்கிறது. கோப்பு கெட்டுவிட்டதா ஐயா?

கெடவில்லை. மேடை மைக்கின் மூன்று பின் கேபிளை, ரெக்கார்டரின் சிறிய 3.5 மி.மீ. ஸ்டீரியோ துளையில் செருகியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தக் கேபிளில் குரல் இரண்டு கம்பிகளில் போகிறது: ஒன்றில் நேராக, மற்றொன்றில் தலைகீழாக. மிக்ஸர் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் ரெக்கார்டருக்கு அது தெரியாது. ஒன்றை இடது, மற்றொன்றை வலது என்று எழுதிவைத்துவிட்டது.

இடதில் +0.3 என்று இருக்கும் அதே கணத்தில் வலதில் -0.3. மோனோவாக்குவது என்பது இரண்டையும் கூட்டிப் பாதியாக்குவது, விடை பூச்சியம். ஹெட்போனில் ஒவ்வொரு காதும் தன் பங்கைத் தனியாகக் கேட்பதால் குரல் இருக்கிறது. ஆனால் கவனித்துப் பாருங்கள், அது தலைக்கு நடுவில் நிற்காமல் இரு பக்கமும் கலைந்து கிடக்கும். அலைவடிவத்தைப் பெரிதாக்கினால், இடதில் மேடு வரும் இடத்திலெல்லாம் வலதில் பள்ளம் இருக்கும். நானும் மூன்று மணி நேர உரை ஒன்றை இப்படிப் பதிவு செய்து, கைபேசி ஸ்பீக்கரில் கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன்.

கூட்டாமல் கழியுங்கள்:

```
ffmpeg -i koottam.wav -af "pan=mono|c0=0.5*c0-0.5*c1" mono.wav
```

ஒரு சேனலை மட்டும் எடுத்தாலும் குரல் வந்துவிடும். ஆனாலும் கழிப்பதையே நான் விரும்புவேன். கேபிள் வழியில் புகுந்த உறுமல் இரண்டு கம்பிகளிலும் ஒரே பக்கமாக ஏறியிருக்கும்; அதனால்தான் கூட்டியபோது அது மட்டும் மிஞ்சியது. கழித்தால் குரல் நிற்கும், உறுமல் பெரும்பாலும் போய்விடும். சில மைக்குகள் ஒரு கம்பியில்தான் குரலை அனுப்பும். அப்படியானால் குரல் ஒரே சேனலில்தான் இருக்கும். அதை மட்டும் எடுத்தால் போதும்.

ஒரு சேனல் இப்படித் தலைகீழாக, அதாவது எதிர்க்கட்டத்தில் இருந்தால் அதை Invert செய்து திருப்புங்கள் என்று நானும் எல்லோருக்கும் சொல்லிவருகிறேன். இரண்டு மைக் வைத்து எடுத்த என் நேர்காணலில் மட்டும் அது பலிக்கவில்லை. குரல் குழாய்க்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது.

முதல் கேள்விக்கு உங்கள் வைத்தியம் சரி. உங்கள் பதிவில் நோய் வேறு: தலைகீழ் அல்ல, தாமதம். விருந்தினர் குரல் அவர் மைக்குக்கு வந்தபின், 35 செ.மீ. தள்ளியிருக்கும் உங்கள் மைக்குக்கு வர ஏறக்குறைய ஒரு மில்லி விநாடி பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் 500 ஹெர்ட்ஸ் ஒலி அரைச் சுற்று பிந்திவிடும். கூட்டும்போது குழி விழும். 1000-இல் முழுச் சுற்று, அது வலுக்கும். 1500-இல் மறுபடி குழி. சீப்புப் பல்லைப் போல மேலே வரை இப்படியே போகும். Invert செய்தால் குழிகள் 1000, 2000 என்று இடம் மாறும். கூடவே அடிக்குரலும் மெலியும்.

48 கிலோஹெர்ட்ஸ் பதிவானால் பிந்திய தடத்தை 48 சாம்பிள் முன்னே நகர்த்திப் பாருங்கள். அவர் தலையை அசைத்தால் அந்தக் கணக்கு தவறும். அதற்கும் மேல், அவருக்காக நகர்த்தினால் உங்கள் குரலின் தாமதம் இரட்டிக்கும். ஆகவே நான் நகர்த்துவதில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் மைக்கை அடக்கிவிட்டு, அதன் பிறகுதான் மோனோவாக்குவேன். சலிப்பான வேலைதான்.

மோனோவாக்கினால் ஒரு காதில் மட்டும்தானே கேட்கும்? அதனால் நான் செய்வதேயில்லை.

இல்லை அம்மா, மோனோ கோப்பு இரண்டு காதிலும் ஒன்றாகவே கேட்கும். ஒரு காதில் மட்டும் கேட்பது, ஒரு சேனல் காலியாக இருக்கும் ஸ்டீரியோ கோப்பு. அதைச் சராசரியாக்கினால் குரல் 6 டெசிபல் தணிந்துவிடும். குரல் உள்ள சேனலை மட்டும் எடுங்கள்.

என் அப்பாவின் பழைய கேசட்டை ஸ்டீரியோ டெக்கில் ஓட்டிக் கணினிக்கு மாற்றினேன். மோனோவாக்கினால் ‘ச’, ‘ஸ’ ஒலிகள் மட்டும் மங்குகின்றன. குரல் அப்படியே இருக்கிறது.

டெக்கின் ஹெட் நாடாவுக்குச் சற்றுச் சாய்ந்திருக்கலாம். ஒரு சேனல் மயிரிழை பிந்தும். அடிக்குரலுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. சீறும் ஒலிகளின் அலை மிகக் குறுகியது, அதனால் அவை அடிபடுகின்றன. ஹெட்டைச் சரிசெய்து மீண்டும் ஓட்டுவதே சிறந்தது.

டெக் இப்போது என்னிடம் இல்லை.

அப்படியானால் தெளிவான சேனலை எடுப்பதா, இரண்டையும் கூட்டுவதா என்று காதால்தான் முடிவு செய்ய வேண்டும். கூட்டினால் நாடாவின் இரைச்சல் குரலோடு ஒப்பிட 3 டெசிபல் வரை குறையும். மங்கல் அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை. நாடா அலைந்து ஓடியிருந்தால் தாமதமும் இடத்துக்கு இடம் மாறும், ஒரே நகர்த்தலில் தீராது. முதல் நிமிடத்தையும் கடைசி நிமிடத்தையும் இரண்டு விதமாகவும் செய்து அனுப்புங்கள், கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.