ஒரு கைப்பிடிக்குள் எத்தனை திராட்சை?

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 52 வயது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொன்னதும் சாயங்கால டீயோடு சாப்பிடும் நாலு மேரி பிஸ்கட்டை நிறுத்திவிட்டோம். அதற்குப் பதிலாக மண்ணடியில் பேரீச்சம்பழம், உலர் திராட்சை, காய்ந்த அத்திப்பழம் வாங்கிக் கலந்து டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். டிவி பார்த்துக்கொண்டே ஒரு கைப்பிடி சாப்பிடுவார். சர்க்கரை சேர்க்காத பழம்தானே? ஆனாலும் மூன்று மாதத்தில் இரண்டு கிலோ ஏறியிருக்கிறார். பச்சைப் பழத்துக்கு மாறிவிடலாமா?
– தண்டையார்பேட்டை வாசகி

பதில்: மாறலாம். அதற்கு முன்னால் அந்தக் கைப்பிடியை ஒருமுறை தராசில் போட்டுப் பாருங்கள். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நானும் வீட்டில் அதே கலவையைச் செய்து ஒரு கை அள்ளினேன். சமையலறைத் தராசு 60 கிராம் காட்டியது. சின்ன ரகப் பேரீச்சை மூன்று, தட்டையாக அமுக்கிக் கயிற்றில் கோத்து விற்கும் அத்தி ஒன்று, மீதி 20 கிராம் திராட்சை.

அந்தத் திராட்சையை உட்கார்ந்து எண்ணினேன். நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே. அதாவது நாற்பது பச்சைத் திராட்சை. பச்சையாக வைத்திருந்தால் ஒரே கையில் அடங்கியிருக்காது என்று தோன்றுகிறது. விஷயம் முழுக்க இதுதான். பச்சைத் திராட்சையில் நூற்றுக்கு எண்பது பங்கு தண்ணீர். காய்ந்ததில் பதினைந்துதான் மிஞ்சும். நாலு கிலோ பழம் காய்ந்து ஏறக்குறைய ஒரு கிலோ ஆகிறது. தண்ணீர்தான் போகிறது, சர்க்கரை எங்கும் போவதில்லை.

இப்போது 60 கிராம் கைப்பிடியின் கணக்கு. பேரீச்சையில் சுமார் 68 கலோரி, அத்தியில் 40, திராட்சையில் 60. மொத்தம் 170க்குப் பக்கம். சர்க்கரை மட்டும் 35 கிராம், அதாவது ஏழு டீஸ்பூன். இதில் ஒரு துளி கூடக் கடைக்காரர் சேர்த்ததில்லை, எல்லாம் பழத்தினுடையதே. அந்த நாலு மேரி பிஸ்கட்டில் சுமார் 105 கலோரியும் ஐந்து கிராம் சர்க்கரையும்தான் இருந்திருக்கும். பிஸ்கட்டுக்குத் திரும்பச் சொல்லவில்லை, அது மைதா. ஆனால் ‘பிஸ்கட்டை நிறுத்தினோம், சர்க்கரை குறைந்தது’ என்ற கணக்கு மட்டும் உங்கள் வீட்டில் தலைகீழாக நடந்திருக்கிறது.

ஆனாலும் ஒன்று இடிக்கிறது. நாளுக்கு 65 கலோரி கூடினால் மூன்று மாதத்தில் ஒரு கிலோ கூட ஏறாது. உடம்பில் ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். இரண்டு கிலோ வந்திருக்கிறது என்றால், டிவி முன்னால் டப்பாவுக்குள் கை இரண்டாவது முறையும் போகிறது என்றுதான் நினைக்கிறேன். இன்னொரு கைப்பிடியைச் சேர்த்துப் பாருங்கள், கணக்கு இரண்டு கிலோவைத் தாண்டியே வரும். அவரைக் கேட்டால் இல்லை என்பார். டப்பா எத்தனை நாளில் காலியாகிறது என்று நீங்களே பாருங்கள். அரைக் கிலோ கலவை எட்டு நாளாவது வர வேண்டும். நாலைந்து நாளில் தீர்ந்தால் பதில் கிடைத்துவிட்டது.

அதே கையில் பச்சைத் திராட்சை அள்ளினால் 60, 70 கிராம் வரும். அதில் 45 கலோரி, பத்து கிராம் சர்க்கரை. காய்ந்த கலவையில் இருக்கிற 35 கிராம் சர்க்கரை வேண்டுமென்றால் பச்சைத் திராட்சை கிட்டத்தட்ட கால் கிலோ தின்ன வேண்டும். அதற்குள் வயிறு நிறைந்துவிடும். என்னைக் கேட்டால் திராட்சையை விடவும் கொய்யாதான். தள்ளுவண்டியில் மிளகாய்த்தூள் உப்பு போட்டுத் தருகிறார்களே, நடுத்தர அளவில் ஒன்று, 150 கிராம். நூறு கலோரி, 13 கிராம் சர்க்கரை, கூடவே எட்டு கிராம் நார்ச்சத்து. மென்று முடிக்கவே பத்து நிமிஷம் ஆகும், சீரியலில் பாதி ஓடிவிடும். உப்பைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

உலர் பழத்தையே விட்டுவிட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. கைப்பிடியில் அளப்பதை விட்டுவிட்டுப் பழத்தை எண்ணுங்கள். அத்தியில் இது சுலபம். காய்ந்த அத்தி ஒன்று 16 கிராம், 40 கலோரி, எட்டு கிராம் சர்க்கரை. பச்சை அத்தி ஒன்று 50 கிராம், அதிலும் ஏறக்குறைய அவ்வளவேதான். பச்சையில் எத்தனை தின்போமோ, காய்ந்ததிலும் அத்தனையே தின்றால் வித்தியாசமே இல்லை. பேரீச்சையில் ரகம் பார்க்க வேண்டும். என் தராசில் போட்ட சின்ன ரகத்தில் ஒன்று 23 கலோரி. மெட்ஜூல் என்று விற்கிற பெரிய பழம் கொட்டை நீக்கி 24 கிராம் வரை வரும், அது ஒன்றே 66 கலோரி. ‘மூன்று பேரீச்சை சாப்பிடு’ என்று யாராவது சொன்னால் எந்தப் பேரீச்சை என்று கேட்க வேண்டும். திராட்சையை எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஒரு மேசைக்கரண்டி, பத்து கிராம், முப்பது கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நானாக இருந்தால் சாயங்காலம் சின்னப் பேரீச்சை இரண்டு, இல்லாவிட்டால் அத்தி ஒன்று, கூடவே பாதிக் கொய்யா வைப்பேன். சின்னக் கிண்ணத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டு டப்பாவை அடுக்களையிலேயே மூடி வைப்பேன். சர்க்கரைக்கு மாத்திரை ஆரம்பித்தால் இந்த அளவை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் அடுத்து யாராவது சொல்லத்தான் போகிறார்கள்: ராத்திரி தண்ணீரில் ஊற வைத்தால் திராட்சையின் சர்க்கரை போய்விடுமாம். பழம் உப்பிப் பெரிதாகும், கொஞ்சம் சர்க்கரை தண்ணீரில் கரையும். அந்தத் தண்ணீரையும் நல்லது என்று குடித்துவிட்டால் எல்லாம் உள்ளேதான் போயிற்று.

வாங்கும்போது பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று முன்பக்கம் எழுதியிருந்தால், மொத்தச் சர்க்கரை எவ்வளவு என்று பின்பக்கம் தேட வேண்டும். நூறு கிராமுக்கு அறுபது சொச்சம் இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம், பேரீச்சை அப்படித்தான். ஆனால் பொருட்களின் பட்டியலில் குளுக்கோஸ் சிரப் என்று இருந்தால் அந்தப் பாக்கெட்டை வாங்காமல் வைத்துவிடுங்கள். சில்லறையாக வாங்கினால் பழத்தைப் பிடித்துப் பாருங்கள். பேரீச்சை கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். பெட்டியின் அடியில் பாகு தேங்கி நின்றால் அது வேறு. அத்தியின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது பெரும்பாலும் அதன் சர்க்கரையே வெளியே வந்து உறைந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். கரையாமல் பஞ்சு மாதிரி நின்றால், அல்லது முகர்ந்தால் புளித்த வாடை அடித்தால், பூஞ்சை. ஒன்றைப் பிட்டு உள்ளே பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு வாங்குங்கள். அத்தியில் வெளியே நன்றாக இருந்தும் உள்ளே இருக்கும்.