பரிசுத் தொகையைத் தலைப்பில் வைக்கலாமா?

அன்புள்ள ஐயா,

நண்பர்கள் சேர்ந்து ஒரு தொலைக்காட்சி வினாடி வினா ஆட்டத்தை வடிவமைத்திருக்கிறோம். இருவர் மோதுவார்கள். கேள்வியின் துறை மட்டும் முதலில் தெரியும். அக்கேள்வியைத் தானே எடுப்பதா, எதிராளியிடம் தள்ளுவதா என்று ஆட்டக்காரர் முடிவு செய்ய வேண்டும். ‘பத்து லட்சம் உங்களுக்கே’ என்று பெயர் வைக்கச் சொல்கிறார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்தப் பெயர் வேண்டாம் என்பேன். அது பரிசைச் சொல்கிறதே தவிர ஆட்டத்தைச் சொல்லவில்லை. பரிசோ, பருவத்துக்குப் பருவம் மாறக்கூடியது. அமெரிக்காவில் 1973இல் ‘10,000 டாலர் பிரமிட்’ என்று தொடங்கிய நிகழ்ச்சி, பரிசு உயர உயர 20,000, 25,000, 50,000, 1,00,000 என்று பெயரையும் மாற்றிக்கொண்டே போக வேண்டியிருந்தது. இத்தாலியில் லிரா புழக்கத்தில் இருந்தபோது நூறு கோடிக்கு அதிபதியாக விரும்புவது யார் என்று கேட்ட தலைப்பு, யூரோ வந்தபின் பத்து லட்சத்துக்கு இறங்கியது. ‘கோன் பனேகா கரோட்பதி’ தப்பித்ததற்குக் காரணம், அது எத்தனை கோடி என்று சொல்லாததுதான். ஐந்து கோடியானாலும் ஏழு கோடியானாலும் அந்தப் பெயர் பொருந்தும், ஆனால் கோடிக்குக் கீழே இறங்க அதற்கும் வழியில்லை.

இதற்கு நேரெதிரான உதாரணம் ‘டீல் ஆர் நோ டீல்’. நெதர்லாந்தில் அது மில்லியன்களைத் தேடும் வேட்டை என்ற பொருளுள்ள பெயரில் ஓடியது. ஆஸ்திரேலியாவில் 2003இல் இந்தப் புதுப்பெயர் வந்தது. அங்கே உச்சப் பரிசு இருபது லட்சம் டாலரிலிருந்து இரண்டு லட்சமாகக் குறைந்தபோதும் பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. ஏனென்றால் அந்தப் பெயர், பெட்டிகள் திறக்கப்பட்டு வங்கியாளர் ஒரு தொகையைச் சொன்னதும் நெறியாளர் ஆட்டக்காரரிடம் கேட்கும் கேள்வியேதான். சன் தொலைக்காட்சிக்கு வந்தபோதும் அது ‘டீலா நோ டீலா’ என்று கேள்வியாகவே நின்றது. நடுவில் வந்து பார்ப்பவருக்கும் விதியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

உங்கள் ஆட்டத்திலும் அப்படியொரு கேள்வி ஏற்கெனவே இருக்கிறது. துறையை அறிவித்ததும் நெறியாளர் இயல்பாக என்ன கேட்பார்? ‘உங்களுக்கா, அவருக்கா?’ என்றுதான். ‘உனக்கா எனக்கா’ இதைவிடத் துடிப்பாக ஒலிக்கும், உண்மைதான். ஆனால் நெறியாளர் ஆட்டக்காரர் அல்லர் என்பதால் அதை அவர் வாயால் சொல்ல முடியாது, சொல்லப்படாத தலைப்பு பலகையிலேயே தங்கிவிடும். ‘உங்களுக்கா அவருக்கா’ என்பது ஒவ்வொரு சுற்றிலும் ஒலிக்கும்; எதிராளி பெண்ணானாலும் ஆணானாலும் பொருந்தும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. கேள்வியை எதிராளியிடம் தள்ளும் விதியைப் பின்னாளில் எடுத்துவிட்டால் தலைப்பும் பொய்யாகிவிடும். ஆகவே அந்த ஒரு விதியை மட்டும் மாற்றமாட்டோம் என்று இப்போதே முடிவு செய்யுங்கள்; சுற்றுகள், நேரம், துறைகள் எல்லாம் மாறலாம். பத்து லட்சத்தைச் சொல்லியே ஆகவேண்டும் என்று தயாரிப்பாளர் வற்புறுத்தினால், அந்தப் பருவத்து விளம்பரத்தில் எவ்வளவு பெரிய எழுத்தில் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும்.