Re: காபன் வட்டப் படம்: பெட்டியும் அம்புக்குறியும்

"எதைப் பெட்டிக்குள் எழுதுவது, எதை அம்புக்குறியில் எழுதுவது? ஒளித்தொகுப்பு 120 என்றால், சுவட்டு எரிபொருளின் வெறும் 10 எப்படிச் சமநிலையைக் குலைக்கும்?"

அலகைப் பாருங்கள். நூறு கோடி தொன் காபன் என்று மட்டும் இருந்தால் அது தேக்கம். வளிமண்டலம், மண், சமுத்திரம், நிலக்கரிப் படுகை போன்றவை பெட்டிக்குள் வரும். "ஆண்டுக்கு" என்று சேர்ந்தால் அது பாய்ச்சல்; ஒளித்தொகுப்பு, சுவாசம், பிரிகை, எரிதல் ஆகியவை அம்புக்குறிக்குரியவை.

ஒளித்தொகுப்பு உறிஞ்சும் ஏறத்தாழ 120ஐச் சுவாசமும் பிரிகையும் பெரும்பாலும் திருப்பிவிடுவதால், அந்த இரு அம்புகளும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. எரிபொருளின் 10க்கோ அதே வேகத்தில் நிலத்தடிக்குத் திரும்பும் அம்பு இல்லை.

நம் தோட்டத் தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்திக்கு எரிக்கும் விறகின் காபன், சில பத்தாண்டுகளுக்கு முன் அம்மரம் காற்றிலிருந்து எடுத்தது. வெட்டிய இடத்தில் மீண்டும் நட்டால் (நடாத தோட்டங்களும் உண்டு) அது மரத்துக்கே திரும்பும். கொழுந்து ஏற்றும் லொறியின் டீசலோ கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்திருந்த காபன்.

சுவட்டு எரிபொருளின் அந்த 10இல் ஏறக்குறையப் பாதியைத் தாவரங்களும் சமுத்திரமும் உறிஞ்ச, மீதி காற்றில் சேர்ந்துகொண்டே போவதால், கைத்தொழில் யுகத்துக்கு முன் சுமார் 590 ஆக இருந்த வளிமண்டலப் பெட்டி இன்று 870ஐத் தாண்டிவிட்டது.