முடிவிலித் தொடர் பாடத்தின் சந்தேகங்களைக் கேள்வி பதில் தாளாக்குவது

விரிவுரையாளர்: செமஸ்டர் முழுக்க மாணவர்கள் கேட்டதை எழுதி வைத்திருக்கிறேன், அறுபதுக்கு மேல் வரும். அத்தியாய வாரியாக அடுக்கிவிடலாமா சார்?

வேண்டாம் மேடம். சந்தேகத்தின் வேர் எது என்று பார்த்து அடுக்குங்கள். மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். "1/n பூஜ்யத்துக்குப் போகிறதே, தொடர் ஏன் ஒருங்கவில்லை?" "n-ஆம் உறுப்புச் சோதனையில் 0 வந்தது, ஒருங்கும் என்று எழுதினேன், ஏன் தப்பு?" "1/x வளைவு அச்சை ஒட்டிக்கொண்டே போகிறது, கீழே உள்ள பரப்பு எப்படி முடிவிலி ஆகும்?" முதல் இரண்டும் தொடர்களில் வருபவை, மூன்றாவது தொகையீட்டில் வருவது. ஆனாலும் தவறு ஒன்றுதான்: சேர்க்கிற பங்கு சிறுத்துக்கொண்டே போனால் மொத்தமும் நின்றுவிடும் என்ற நினைப்பு. மூன்றையும் மாணவர் கேட்ட சொற்களிலேயே மேலே போட்டு, கீழே ஒரே பதில் எழுதுங்கள். வாக்கியத்தைத் திருத்திப் பாடநூல் நடைக்கு மாற்றினால், தாளைப் புரட்டுகிற மாணவருக்கு அது தன் சந்தேகம் என்றே தெரியாது.

முதுகலை மாணவர்: அந்தப் பதிலில் "1/n^p வடிவத் தொடர், p = 1, ஆகவே விரியும்" என்று ஒரு வரி போதுமே?

வரி சரிதான், ஆனால் அது சந்தேகத்தைத் தொடவில்லை. கேட்டவருக்கு விதி தெரியும், நம்பிக்கைதான் வரவில்லை. கூட்டிக் காட்டுங்கள். 1/3 + 1/4 என்பது 1/2-ஐ விடப் பெரியது, ஏனென்றால் இரண்டுமே 1/4-க்குக் குறையவில்லை. 1/5 முதல் 1/8 வரை நான்கு உறுப்புகள், ஒவ்வொன்றும் குறைந்தது 1/8, ஆக மறுபடியும் 1/2-க்கு மேல். அடுத்த எட்டும் அப்படியே. உறுப்பு சிறுக்கிற அளவுக்கு எண்ணிக்கை பெருகுகிறது. எங்கே நின்றாலும் இன்னொரு அரை காத்திருக்கிறது. வேகம் மட்டும் மிகக் குறைவு: கூட்டுத்தொகை 10-ஐத் தாண்ட 12,367 உறுப்புகள் வேண்டும். கால்குலேட்டரில் இருபது முப்பது உறுப்பு கூட்டிப் பார்ப்பவர் ஏமாறுவது இதனால்தான்.

பதிலுக்கு அடியில் ஒரு சோதனைக் கேள்வி வையுங்கள்: "1/1000 வரை கூட்டியாயிற்று. இன்னும் ஓர் அரை சேர எத்தனை உறுப்புகள் போதும்?" 1/1001 முதல் 1/2000 வரை ஆயிரம் என்று சொல்பவருக்குப் புரிந்துவிட்டது. p விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே நின்றுவிடுவார்.

இரண்டாம் ஆண்டு, கணினிப் பிரிவு: சார், நான் C-யில் `float` வைத்துக் கூட்டினேன். 15.4037-க்கு மேல் போகவே இல்லை. அப்போ ஒருங்குகிறது தானே?

நின்றது தொடர் அல்ல, `float`. 8-க்கும் 16-க்கும் இடையில் அடுத்தடுத்த இரண்டு `float` எண்களுக்கு நடுவே 1/1048576 இடைவெளி இருக்கிறது. அதில் பாதிக்கும் குறைவானதைச் சேர்த்தால் பழைய எண்ணே திரும்ப வரும். பாதி என்பது 1/2097152; உங்கள் கூட்டலும் n = 2097152-ஐ எட்டும்போதுதான் உறைகிறது. அதற்கு முன்பே பிழை சேர்ந்துவிட்டது, அந்த இடத்தில் உண்மையான தொகை 15.133 அளவுதான். கடைசி உறுப்பிலிருந்து முன்னோக்கிக் கூட்டிப் பாருங்கள், 15.13-ஐ ஒட்டி வரும். மேடம், இந்தக் கேள்வியைத் தாளில் தனியாக வையுங்கள். இதன் வேர் வேறு.

பி.எஸ்சி. மாணவி: விகிதச் சோதனையில் 1 வந்தது, விரியும் என்று எழுதினேன். மார்க் போய்விட்டது.

1/n-க்கு விகிதம் n/(n+1), எல்லை 1. 1/n²-க்கு அதன் வர்க்கம், எல்லை அதே 1. முதலாவது விரிகிறது, இரண்டாவது π²/6-க்கு, அதாவது 1.645 அளவுக்கு ஒருங்குகிறது. அந்தச் சோதனை தொடரைப் பெருக்குத் தொடரோடு ஒப்பிடுகிறது. இவை இரண்டுமே எந்தப் பெருக்குத் தொடரையும் விட மெதுவாகச் சிறுப்பவை, அதனால் சோதனைக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 1 வந்தால் ஒப்பீட்டுச் சோதனைக்கோ தொகையீட்டுச் சோதனைக்கோ போங்கள். தாளில் இந்த இரண்டு தொடர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் போட்டால் உங்களைப் போலவே இன்னொருவர் அதையே விதியாக எடுத்துக்கொள்வார்.

பள்ளி ஆசிரியர்: மாணவர் எழுதிய தவறான விடையையும் அச்சிட்டால் அதையே படித்துவிட மாட்டார்களா?

அந்த அபாயம் உண்டு. தேர்வுக்கு முந்தின இரவு தாளைப் புரட்டுபவர் முதல் வரியோடு நிறுத்திவிடலாம். ஆனால் தவறான வரியைப் பார்க்காமல் தன் தவறை அடையாளம் காண்பதும் கடினம். முழு விடையையும் போடாமல், வழுக்கிய அந்த ஒரு வரியை மட்டும் கேள்விக்குள் வைப்பது என் விருப்பம். பதில் பகுதியில் சரியானது மட்டும் இருக்கட்டும்.

விரிவுரையாளர்: எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அந்த ஒரு வரியைத்தான் எழுதுகிறார்கள் சார். எனக்கு இன்னும் தயக்கமாகத்தான் இருக்கிறது.

அப்படியென்றால் ஒரு பிரிவுக்கு அந்த வரியோடும் இன்னொரு பிரிவுக்கு அது இல்லாமலும் கொடுத்து, அடுத்த உள்தேர்வில் 1/(2n+5) தொடரைக் கேளுங்கள்.