வடையில் உண்மையில் எவ்வளவு எண்ணெய் தங்குகிறது?

“அரை லிட்டர் எண்ணெயில் 12 மெதுவடை சுட்டேன். சுட்ட வடை மாவைவிட எடை குறைவாக இருக்கிறது. அப்படியென்றால் எண்ணெய் ஏறவே இல்லையா?”

ஏறியிருக்கிறது. வடையை எடை போட்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது, எண்ணெயைத்தான் எடை போட வேண்டும்.

உளுந்து மாவில் பாதிக்கு மேல் தண்ணீர். வடையைப் போட்டதும் சடசடவென்று குமிழி கிளம்புகிறதே, அது அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போவது. போகும் தண்ணீர் உள்ளே வரும் எண்ணெயைவிட அதிகம் என்பதால்தான் எடை குறைகிறது.

அடுத்த முறை வாணலியை எண்ணெயோடு சேர்த்து எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சுட்டு முடித்து, நன்றாக ஆறியபின் மறுபடி போடுங்கள். மில்லி லிட்டரில் அளக்க வேண்டாம், சூட்டில் எண்ணெய் விரிந்து கணக்கைக் கெடுக்கும். உதாரணமாக, முதலில் 1480 கிராம், பிறகு 1424 என்றால் குறைந்திருப்பது 56 கிராம். வடிய வைத்த தாளையும் முன்பின் எடை போடுங்கள். அதில் 8 கிராம் ஏறியிருந்தால் வடைகளில் 48 கிராம், ஒரு வடைக்கு 4. கிராமுக்கு 9 கலோரி வீதம் வடைக்கு 36 கலோரி. அரை லிட்டர் முழுவதையும் (சுமார் 460 கிராம்) கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். அடியில் உதிர்ந்து கிடக்கும் மாவுத்தூள் எண்ணெயின் எடையைக் கூட்டிக் காட்டும். இரண்டாவது முறை எடை போடுவதற்கு முன் அதை அரித்து எடுங்கள். கரண்டியில் ஒட்டியது, வெளியே தெறித்தது எல்லாம் வடைக் கணக்கில்தான் விழும், அதனால் சில கிராம் கூடுதலாகக் காட்டும்.